பத்தாயிரத்தைச் சின்னதாக்கிய நன்றி

அப்போது எனக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் வேலை. சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகும் பஸ்களில் பல விழுப்புரம் ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். எது உள்ளே வரும், எது வராது என்று சொல்வதற்காக ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினேன். ஃபிளக்ஸ் கடை வைத்திருந்த என் கணவர் அதற்குப் படங்கள் செய்து தந்தார். எனக்குத் தெரிந்தது நான் ஏறும் பஸ்கள் மட்டும்தான். மற்றதையெல்லாம் படிக்கிறவர்களே கமெண்டில் எழுத ஆரம்பித்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி போனைப் பார்த்தேன். பின்தொடர்பவர்கள் பத்தாயிரம்! கத்தியே விட்டேன். உடனே கணவருக்குப் போன் செய்தேன்.

"டிசைன் ரெடி. நீ வந்ததும் போட்டுடலாம். ஜல்தியா வா" என்றார். அவர் குரலிலும் அதே துள்ளல்.

நன்றிப் பதிவை இரண்டு நாள் முன்பே எழுதி போனில் வைத்திருந்தேன். 'பத்தாயிரத்தைத் தொட்டுவிட்டோம்! இந்த மாபெரும் சாதனைக்குத் துணை நின்ற அனைவருக்கும் நன்றி. அடுத்த இலக்கை நோக்கிப் பயணிப்போம்!' படித்துப் பார்க்கையில் எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் பக்கத்தில் இடம் கொடுத்தாள்.

"முன்னாடி வந்த வண்டி காலியாத்தான் இருந்துச்சுக்கா. விட்டுட்டேன். அது உள்ள போவாது, பைபாஸ்லயே இறக்கி உட்டுடுவான். கொழந்தய தூக்கிக்கினு பேஜாரு."

"யாரு சொன்னாங்க?"

"கூட்டேரிப்பட்டு டீக்கடக்காரரு. ஃபேஸ்புக்ல எழுதுவாரு. அவரு சொன்னா சரியா இருக்கும். காலைல போற வண்டிங்கன்னா ஒரு நர்ஸம்மா சொல்லுவாங்க."

"அவங்கள நேர்ல பாத்திருக்கியா?"

"எங்கக்கா? மூஞ்சிகூட தெரியாது."

என் ஃபேஸ்புக் பக்கத்தின் பெயர் அவள் வாயில் வரவேயில்லை. கூட்டேரிப்பட்டு வந்ததும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "இதுல எந்தக் கடையா இருக்கும்?" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். அங்கே நாலைந்து டீக்கடைகள் இருந்தன.

போனை எடுத்து என் பதிவை மறுபடி படித்தேன். அதில் டீக்கடைக்காரர் எங்கே, நர்ஸம்மா எங்கே? 'அனைவருக்கும்' என்ற ஒரே சொல்லில் அத்தனை பேரையும் அடைத்து, 'துணை நின்ற'வர்களாக ஓரத்தில் நிறுத்தியிருந்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் புதிதாக எழுதி முடித்தேன்.

'கூட்டேரிப்பட்டில் டீ ஆற்றியபடியே போகிற பஸ்ஸைப் பார்த்துச் சொன்னீர்கள். டூட்டிக்குப் போகும் அவசரத்திலும் காலை பஸ் எது என்று எழுதினீர்கள். மழையில் எந்தச் சாலையில் தண்ணீர் நிற்கிறது என்று வளவனூரிலிருந்து படம் அனுப்பினீர்கள். நாங்கள் தப்பாகப் போட்ட நேரத்தைத் திட்டாமல் திருத்தினீர்கள். இந்தப் பக்கத்தை எழுதுவது நீங்கள்தான். பத்தாயிரம் பேர் நம்பிப் பின்தொடர்வது உங்கள் சொல்லைத்தான். நன்றி.'

விழுப்புரத்தில் இறங்கி, கணவரின் கடைக்குள் நுழைந்ததும் போனை நீட்டினேன். கம்ப்யூட்டரில் தங்க நிறத்தில் 10,000 ஜொலித்தது. சுற்றிலும் பட்டாசு வேறு.

கணவர் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா நம்பர் கடைசியில போய் ஒளிஞ்சுக்கினு இருக்குதே. யாரு கவனிப்பாங்க?" என்றார்.

"நம்பர யாருங்க தேடப் போறாங்க? அவங்கவங்க தன்னத்தான் தேடுவாங்க."

"அப்போ இந்தப் படம்?"

"அத வெச்சா எழுத்த ஒருத்தரும் படிக்க மாட்டாங்க."

தங்க எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அரை நாள் உழைப்பு. பிறகு தலையைச் சொறிந்தபடி, "சரி, வளவனூர் மழைப் படத்த போடலாமா? அனுப்பினவர ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார். கேட்டேன். "தாராளமா போடுங்க" என்று உடனே பதில் வந்தது. போட்டோம்.

முதலில் விழுந்த கமெண்ட்: 'டைமைத் திருத்துனது நான்தாங்க!' உடனே இன்னொருவர்: 'நானும்தான், ரெண்டு தபா!' அதுவரை ஒரு வரிகூட எழுதாதவர்களெல்லாம் வந்தார்கள். 'நான் சும்மா படிக்கிறவன். டீக்கடை அண்ணனால டெய்லி நேரத்துக்கு வீட்டுக்குப் போறேன்' என்றார் ஒருவர். கணவர் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படிக்க, கடைக்கு வந்திருந்தவர்களும் நின்று கேட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை.

கடைசியில் டீக்கடைக்காரரே வந்தார். நன்றியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'நாளைக்கு ஞாயித்துக்கெழம. காலைல முதல் வண்டி லேட்டாத்தான் வரும். அவசரம்னா ரெயில்ல போயிடுங்க.'

அதற்குக் கீழே நர்ஸம்மா: 'சரிங்கண்ணா. ரெயில்லயே போய்க்கிறேன்.'