அரைஞாணுக்குக் கீழே ஒரு கரும்புள்ளி

உத்தமனுக்கு உடம்பில் நாற்பத்தொரு தழும்புகள். அவரே எண்ணி வைத்திருக்கிறார். வெல்டருக்கு அது சர்வீஸ் புக் மாதிரி. முழங்கையில் இருப்பது வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கியது, கழுத்தோரம் இருப்பது பெரிய மழை பெய்த வருஷம் வாங்கியது என்று யார் கேட்டாலும் சட்டையைத் தூக்கிக் காட்டுவார். யாரும் கேட்காவிட்டாலும் காட்டுவார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் இரும்போடு இரும்பை ஒட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் திருவேங்கடத்தின் பட்டறைக்குப் போய் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பற்ற வைத்துவிட்டு வருவார்.

ஆகவே கார்த்திகை மாதம் ஒரு காலை குளிக்கும்போது இடுப்பில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, துவரம்பருப்பு அளவில் கறுப்பாய் ஒரு பொருக்கு கையில் தட்டுப்பட்டதும் அவர் கலங்கவில்லை. சுற்றிலும் லேசான சிவப்பு. தொட்டால் வலியில்லை.

“நாற்பத்திரண்டு” என்று சொல்லிக்கொண்டு சோப்பு போட்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. தலை வலித்த வலியில் நெற்றியைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தார். மனைவி ஜெகதாம்பாள் மிளகு ரசம் வைத்தாள். திருநின்றவூரில் தெருமுனை கிளினிக்கில் வைரல் என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே கிளினிக்கில் டைஃபாய்டாக இருக்கலாம் என்றார்கள். டெங்குவுக்கும் மலேரியாவுக்கும் ரத்தம் எடுத்தார்கள், இரண்டும் இல்லை என்று வந்தது. ஊசி போட்டார்கள், பாட்டில் ஏற்றினார்கள். காய்ச்சல் இதையெல்லாம் மரியாதையாக வேடிக்கை பார்த்துவிட்டு அப்படியே இருந்தது. காய்ச்சலின் ஏழாம் நாள் மாடிப்படி நான்கு ஏறியதற்கே மூச்சு வாங்கியது. ஜெகதாம்பாள் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டு டாக்டர் பெயர் தேவிப்பிரியா. முப்பது வயதுக்குள் இருக்கும். தூங்கி நாளானது போன்ற கண்கள், ஆனால் கேள்விகள் தூங்கவில்லை.

“ஐயா, போன ரெண்டு மூணு வாரத்துல வயல், தோப்பு, புதர் இந்த மாதிரி எங்கயாவது போனீங்களா?”

“இல்லீங்கம்மா.”

“ஏரிக்கரை, காலி மனை?”

“நான் இன்னா எருமையாம்மா ஏரிக்கரைல மேய?”

ஜெகதாம்பாள் குறுக்கிட்டாள். “எங்க போவாரு டாக்டர். ரெண்டு நாள் அம்பத்தூர் பட்டறை. செவ்வாய்க்கிழமை பென்ஷன்காரங்க சங்கத்துல மீட்டிங். மத்த நாளெல்லாம் ஊட்ல டிவி முன்னாடி.”

உத்தமன் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார். சங்கக் கூட்டம் என்பது அடுத்த கூட்டத்தை எப்போது வைப்பது என்று முடிவு செய்ய வருஷத்துக்கு இரண்டு தடவை கூடுவது. அதைச் செவ்வாய்தோறும் நடத்தியது அவர் ஒருவர்தான்.

செவ்வாய்க்கிழமை அவர் போன இடம் வேறு.

தொழிற்சாலைக் குடியிருப்பில் பதினேழாம் பிளாக்கைக் கைவிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. ‘இடியும் நிலையில் உள்ளது, உள்ளே வராதீர்’ என்று பலகை இருக்கிறது. பலகையும் இடியும் நிலையில்தான் இருக்கிறது. சுவரில் ஓரிடத்தில் செங்கல் விழுந்து ஆள் நுழைகிற சந்து. உள்ளே ஜன்னல் உயரத்துக்குப் பார்த்தீனியம், அதற்கு மேல் சீமைக்கருவேலம், நடுவே எலிகள் போட்ட ஒற்றையடிப் பாதைகள். அதில் வகுந்துகொண்டு போனால் தரைத்தளத்தில் நான்காம் நம்பர் வீடு. அங்கேதான் இருபத்தாறு வருஷம் குடியிருந்தார்கள்.

அந்த நாட்களில் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். பிளாக் முழுக்க ஒரே நேரத்தில் குக்கர் விசில் அடங்கி சைக்கிள் ஸ்டாண்டு தட்டுகிற சத்தம் எழும்பும். பக்கத்து வீட்டு கிறிஸ்துராஜ், தூத்துக்குடிக்காரர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் கேக் மாவைப் பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது கேக் எண்ணிக்கை ஒன்று குறைந்திருக்கும், ஏனென்று மனைவி ஞானசௌந்தரி கேட்கமாட்டாள், ஏனென்றால் தட்டோடு அது இந்த வீட்டுக்குள் போனதை அவளே பார்த்திருப்பாள். பின்பக்கம் உத்தமன் தொழிற்சாலைத் துண்டு இரும்பில் பற்றவைத்த துணிக்கொடிக் கம்பம். (எப்படி வெளியே வந்தது என்ற விவரம் இங்கே தேவையில்லை.) கம்பத்துக்குப் பக்கத்தில் ஜெகதாம்பாள் நட்ட கறிவேப்பிலை மரம். பதினாறு வீட்டுத் தாளிப்பும் அந்த ஒரு மரத்தில்தான் நடந்தது.

அதை விட்டு வரும்போது ஜெகதாம்பாள் அழுதாள். சொந்த வீடு, திருநின்றவூரில், இரண்டு படுக்கையறை, கிரானைட் போட்ட சமையல்கட்டு. அதற்குப் போகிறவள் அழுதாள். உத்தமன் அன்று எல்லோர் முன்னாலும் சொன்னார்: “கவர்மெண்ட் சொவத்தைக் கட்டிக்கினு அழுவாதே. செங்கல்லுக்கு இன்னா மனசா கீது?” அதன்பிறகு ஒன்பது வருஷத்தில் அவள் குவார்ட்டர்ஸ் பேச்சை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அவருக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். செங்கல்லைப் பார்க்கச் செவ்வாய்தோறும் நான்கு வருஷமாகப் போய்வருகிறவர் அவர்தான். கம்பத்தில் முதுகைச் சாய்த்து, செடிகளை மிதித்துப் படுக்கவைத்து அதன் மேலேயே உட்கார்ந்து, அரைமணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருப்பார். வரும்போது இரண்டு இணுக்கு கறிவேப்பிலை. பட்டாபிராம் தாயம்மா கடையில் வாங்கியது என்று வீட்டில் கொடுப்பார்.

இதைக் கேள்வி கேட்கிற டாக்டரிடம், கட்டினவள் பக்கத்தில் நிற்க, எப்படிச் சொல்வது? மூச்சு முட்டினாலும் முட்டட்டும் என்றிருந்தார். மானம் என்பது மனுஷனுக்கு நுரையீரலை விடக் கொஞ்சம் பெரிய உறுப்பு.

“உடம்பு முழுக்கப் பார்க்கணும். சட்டையைக் கழட்டுங்க” என்றார் டாக்டர். அதுவரை பின்னால் நின்றிருந்த நர்ஸ் திரைத்துணியை இழுத்தாள். ஜெகதாம்பாள் திரைக்கு அந்தப் பக்கம். நர்ஸ் திரும்பியபோது உத்தமனுக்கு முகம் தெரிந்தது. கிறிஸ்துராஜின் மகள் ரெனிதா. கறிவேப்பிலை மரத்தில் ஊஞ்சல் கட்டி ஒரு கிளையை ஒடித்த அதே ரெனிதா.

“மாமா, நீங்களா? தாடியில அடையாளமே தெரியலை.”

“ஏழு நாளா ஷேவ் பண்ணலை கண்ணு.”

டாக்டர் காதுக்குப் பின்னால் பார்த்தார், அக்குளில் பார்த்தார். தொடை இடுக்கில் அமுக்கியபோது நெறி கட்டியிருந்தது. “இடுப்புல இந்தக் கயிறு இறுக்கமா இருக்கு. அதை எடுத்துட்டுப் பார்க்கணும்.”

திரைக்கு வெளியே இருந்து குரல் வந்தது. “அர்ணாக்கயிறை அறுக்கக் கூடாது டாக்டர். அதை அறுக்குறது ஒரே ஒரு நாள்தான். அன்னிக்கு இவரு எழுந்து வந்து ஆட்சேபணை சொல்ல முடியாது.”

“அறுக்கலை ஜெகா அத்தை. நகர்த்துறேன்” என்றாள் ரெனிதா. விரல் விட்டு மேலே தள்ளினாள்.

கறுப்புக் கயிற்றின் அடியில் அந்தக் கறுப்புப் பொருக்கு. இப்போது துவரம்பருப்பு அளவைத் தாண்டி, சுண்டுவிரல் நகம் அளவு. சிகரெட்டால் சுட்டு அணைத்த மாதிரி.

“இது எப்ப வந்துச்சு?”

“அது ஒண்ணுமில்லம்மா. பொறி பட்டது. நாப்பத்திரண்டாவது.”

“பட்டப்போ எரிஞ்சுதா?”

உத்தமன் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்றும் அவருக்கு நினைவிருந்தன. ஒவ்வொன்றும் பட்ட நொடியில் எந்த வசவு வாயில் வந்தது என்பது வரைக்கும். இதற்கு ஒரு வசவும் நினைவில் இல்லை.

“எரியலை.”

“வேலை செய்யும்போது முன்னாடி என்ன கட்டிப்பீங்க?”

“தோல் ஏப்ரன். உள்ளே பெல்ட். அதுக்கும் உள்ளே...” தோலையும் பெல்ட்டையும் பேண்ட்டையும் சட்டையையும் துளைக்காமல் தாண்டி, கயிற்றுக்குக் கீழே போய் உட்காருகிற பொறி எந்த இரும்பிலும் கிளம்பாது. முப்பத்திரண்டு வருஷ வெல்டர் இதைப் பத்து நாளாக யோசிக்கவில்லை.

“இது பொறி இல்ல ஐயா. புதர்ல ஒரு பூச்சி இருக்கு, அதோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது. துணி இறுகுற இடமாப் பார்த்துக் கடிக்கும். கடிச்சது தெரியாது, புண்ணும் வலிக்காது. அதான் யாரும் சொல்றதில்லை. ஸ்க்ரப் டைஃபஸ்னு பேரு. சீக்கிரம் பிடிச்சா மாத்திரையில போயிடும். விட்டா நுரையீரல், கிட்னி எல்லாத்தையும் கேட்கும். உங்களுக்கு நுரையீரல்ல ஆரம்பிச்சிருக்கு. இப்பவாவது சொல்லுங்க, எங்க போனீங்க? கூட வேற யாராவது வந்தாங்களா? அவங்களுக்கும் வரலாம்.”

ரெனிதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “நம்ம பழைய பதினேழாம் பிளாக்கா மாமா?” என்றாள்.

திரைக்கு வெளியே வளையல் சத்தம் நெருங்கி வந்தது.

“நான் மட்டும்தான்” என்றார் உத்தமன். “செவ்வாய்க்கிழமை. நாலாம் நம்பர் பின்னாடி. செடி மேல உட்காருவேன்.”

“சங்கக் கூட்டமா?” என்றாள் ரெனிதா.

“ஒரு ஆளுக் கூட்டம்.”

டாக்டர் எழுதிக்கொண்டார். டாக்ஸிசைக்ளின். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பச் சொன்னார், ஆனால் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், முதல் மாத்திரை இப்போதே என்றார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டினார்கள். திரை விலகியது.

ஜெகதாம்பாள் கட்டில் ஓரம் வந்து நின்றாள். உத்தமன் கண்ணை மூடிக்கொண்டார். காய்ச்சல்காரன் கண்ணை மூடினால் யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள்.

அன்று முழுக்க அவள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாளும் இல்லை. கஞ்சியை மட்டும் ஊற்றினாள். மூன்றாம் நாள் காலை ரெனிதா தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, “நார்மல்” என்றாள். ஏழு நாள் அசையாத காய்ச்சல் இரண்டு நாளில் இடத்தைக் காலி செய்திருந்தது. ரத்தப் பரிசோதனை முடிவும் ஸ்க்ரப் டைஃபஸ் என்றே சொன்னது. நெற்றித் துண்டை அவிழ்த்தபோது உத்தமனுக்குப் பசித்தது.

ஜெகதாம்பாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“மரத்துல கிளை எவ்ளோ ஒசரம் போயிருக்கு?”

“எந்த மரம்?”

“நடிக்காதே. தாயம்மா கடையை மூடிட்டு மவ ஊட்டுக்குப் போய் மூணு வருஷமாவுது. நீ மட்டும் வாராவாரம் அங்க கறிவேப்பிலை வாங்கிக்கினு வரே.”

உத்தமன் குழாயைச் சரிசெய்கிற மாதிரி பாவனை செய்தார்.

“நான் நட்ட மரம். கிள்ளினா வர வாசனை எனக்குத் தெரியாதா? மொதல் வாரமே தெரியும்.”

“அப்போ நாலு வருஷமா ஏன் கேக்கலை?”

“கேட்டா நிறுத்திடுவே. அப்புறம் ரசத்துக்கு இன்னா போடுறது?” பிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகினாள். “டாக்டர் கிட்ட அன்னிக்கே எல்லாம் கேட்டுட்டேன். தரையில உக்காரக் கூடாது, செடி மேல துணி போடக் கூடாது. முழுக்கை சட்டை, பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விட்டு ஷூ. வந்தவுடனே சோப்பு போட்டுக் குளிக்கணும், துணியைச் சுடுதண்ணில போடணும்.”

“இனிமே நான் போவலை ஜெகா.”

“நீ போவாட்டி போ. நான் போவணும். மரத்தடியில கன்னு முளைச்சிருக்கும், ஒண்ணு பேத்துக்கினு வரணும்.” பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்தாள். “ரெனிதா சொல்லிச்சே, அந்தச் சொவத்துச் சந்துல நான் நுழைவேனா?”

உத்தமன் அவளை மேலும் கீழும் அளந்தார். நிஜத்தைச் சொல்லலாமா என்று யோசித்து, ஏற்கெனவே இந்த வாரம் ஒரு நிஜம் சொல்லியாயிற்றே என்று விட்டுவிட்டார்.

“இன்னும் நாலு செங்கல் எடுக்கணும்” என்றார். “எடுத்துடுறேன்.”