தம்பி கல்யாணத்துக்குப் போன ஃபைல்

தம்பிக்கு ஆம்பூரில் பெண் பார்த்தபோது எனக்கு டயாலிசிஸ் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. வாரத்தில் திங்களும் வியாழனும் பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வழியாக மெட்ராஸ் போய் வருவேன். மீதி நாட்களில், கோட்டைக்குப்பத்துக் கரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த இறால் வியாபாரத்தை இப்போது தம்பி பார்ப்பதை வேடிக்கை பார்ப்பேன். எடை போட்டு முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடிப்பான். டாக்டர் அளந்துவிட்டபடி நாள் முழுக்க ஒரு டம்ளரை வைத்துக்கொண்டு வாயை நனைத்துக்கொள்ளும் எனக்கு அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்க்கவே பிடிக்காது.

அவனுக்கும் எனக்கும் ஒரே ரத்தப் பிரிவு. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவன் கிட்னி எனக்கு ஆகுமா என்பதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாணப் பேச்சை எடுத்தார்கள்.

நிக்காஹ் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை முறையை ஆம்பூர் போகும் வழியில் வேலூரில் வைத்துக்கொள்ள மெட்ராஸ் டாக்டர் கடிதம் எழுதி இடம் வாங்கிக் கொடுத்தார். ரத்தத்தை வடிகட்டும் புது டயலைசர், ரத்தம் ஓடும் பிளாஸ்டிக் குழாய்கள், ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து என் மனைவி தூக்கிக்கொண்டாள். ஊசி குத்துகிற இடது கையில் நான் எதையும் தூக்கக் கூடாது. சென்ட்ரலில் எல்லோரும் ஒரே வண்டியில் ஏறினோம். நாங்கள் இருவரும் காட்பாடியில் இறங்கினோம். கல்யாணக் கூட்டம் ஆம்பூருக்குப் போனது.

வேலூர் ஆஸ்பத்திரியில் எடை பார்த்துவிட்டு நர்ஸ் என் ரிப்போர்ட் ஃபைலைக் கேட்டார். என் மனைவி பையைக் கவிழ்த்துத் தேடினாள். இல்லை. கசங்காமல் இருக்கட்டும் என்று வாப்பா அதைத் தம்பியின் பட்டுத் துணிப் பெட்டிக்குள் வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஹெபடைடிஸ் ரிப்போர்ட்டைப் பார்க்காம மெஷின்ல போட மாட்டோம். மத்தவங்களுக்கும் அதே மெஷின்தானே" என்றார் நர்ஸ். "உடம்புலேர்ந்து எவ்வளவு தண்ணி எடுக்கணும், ஹெப்பாரின் எவ்வளவுன்னும் எனக்குத் தெரியணும்."

பெண் வீட்டில் டெலிபோன் இருந்தது. என் மனைவி ஓடிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள். நர்ஸ் நல்ல மனுஷி. சாயங்கால முறைக்காரர் ஒருவர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அவரை என் இடத்தில் போட்டு, அவருடைய முறையை எனக்கு வைத்தார். நான் வராந்தா பெஞ்சில் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். அந்நேரம் ஆம்பூரில் தம்பிக்கு விருந்து நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தபோது நெஞ்சு காந்தியது.

ஃபைலைக் கொண்டுவந்தது தம்பியே. கையில் மருதாணி, சட்டையெல்லாம் வியர்வை.

"இன்னாடா நீ வந்துட்டே? வேற ஆளே இல்லியா?"

"யாருகிட்ட குடுத்தாலும் வழியில எங்கனா வுட்டுட்டானுங்கன்னா இன்னா காக்கா பண்றது?" என்றான், அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் எங்கள் வழக்கத்தில். உடனே வாசல் கடைக்குப் போய் இரண்டு சோடாவை ஒரே மூச்சில் குடித்தான். ஓடி வந்ததற்கான நன்றியெல்லாம் அந்த இரண்டு சோடாவில் எனக்குக் கரைந்துபோனது.

நர்ஸ் ரிப்போர்ட்டையும் கடைசி முறைகளின் குறிப்பையும் படித்துவிட்டு ஊசிகளைக் குத்தினார். பக்கத்துக் கட்டிலில் முறை மாறிக் கொடுத்தவர் தன் முறை முடிந்து களைப்பாறப் படுத்திருந்தார்.

"அது யாரு சார், ஃபைல் கொண்டாந்தவரு?"

"என் தம்பி. ஆம்பூர்லேர்ந்து பஸ்ல வந்தான். நாளைக்கு அவனுக்கு நிக்காஹ்."

"கல்யாணத்த வெச்சுகினா பஸ் புடிச்சு வந்தாரு? எனக்குக் கூடப் பொறந்தவனுங்க மூணு பேரு. ஒருத்தனும் இந்தக் கதவாண்ட வந்ததில்ல." கதவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கல்யாணம், பிரயாணம், தம்பி. உங்களப் பாத்தா வயிறு எரியுது சார்."

என்னைப் பார்த்து ஒருவர் பொறாமைப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை. வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் நிக்காஹ்வில் பிரியாணியில் இரண்டு கவளம் சாப்பிட்டேன். ரோஸ்மில்க் டம்ளர்கள் என்னைத் தாண்டிப் போயின. தம்பி மூன்று குடித்தான், எண்ணினேன்.

கல்யாணமான சில மாதங்களில், மாமனார் வீட்டில் தடுத்தும் கேளாமல், தம்பி என்னோடு மெட்ராஸ் வந்து, "என் கிட்னி சேருமான்னு பாருங்க டாக்டர்" என்றான். ஒரே பிரிவுதான் என்றாலும், இருவர் ரத்தத்தையும் கலந்து பார்த்த பரிசோதனையில் ஒத்துப்போகவில்லை. கொடுத்தாலும் என் உடம்பு ஏற்காது என்றார்கள். அவன் வராந்தாவில் நின்று தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு அழுகை வரவில்லை. கொடுக்க வந்த நல்ல பெயரும் அவனுக்கு, இரண்டு கிட்னியும் அவனுக்கே என்றுதான் தோன்றியது.

பிறகு என்னைப் பெற்ற உம்மாவின் கிட்னி பொருந்தியது. ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். முதல் சொம்பை நீட்டியது தம்பிதான். அவன் பார்க்கப் பார்க்க, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.