மேல்வரிசையில் இரண்டு புள்ளிகள்

எங்கள் குடியிருப்பில் புது லிஃப்ட் போட்டிருக்கிறார்கள். நான் இருப்பது மூன்றாவது மாடி. நேற்று பொத்தானை அழுத்தப் போன விரல், எண்ணுக்குப் பக்கத்தில் புடைத்திருந்த புள்ளிகளில் நின்றுவிட்டது. உள்ளே அக்ரிலிக் ஒட்டிய பசை வாடை வேறு. அவ்வளவுதான். காய்கறிப் பையோடு குவைத்துக்குப் போய்விட்டேன்.

அக்ரிலிக் என்றால் எனக்குக் குளோரோஃபார்ம் ஞாபகம்தான். இரண்டாயிரங்களின் பின்பாதியில், ஷுவைக்கில் ஒரு பெயர்ப்பலகைக் கடையில் எழுத்து ஒட்டுகிற வேலை எனக்கு. ஒட்டுவது குளோரோஃபார்மில். ஊசியால் ஒரு சொட்டு விட்டால் எழுத்துக்குப் பலகையோடு கல்யாணம் ஆகிவிடும். இனிப்பான வாடை. மதியத்துக்குள் தலை லேசாகிக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். அந்த வருஷங்களை நான் நம்பகமாக நினைவுகூர்கிறேனா என்று கேட்காதீர்கள்.

அப்பாசியாவில் எங்கள் ரூமில் சூசை இருந்தான். மணப்பாட்டுக்காரன். வலை இழுத்த கை, பிறகு ஏசி மெக்கானிக் ஆனது. நாகர்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் ஸ்டெல்லா என்று ஒரு டீச்சர். பிறவியிலேயே பார்வை இல்லை. லீவில் போனவன் ஒரு கல்யாண வீட்டில் அவள் பாடியதைக் கேட்டு, திரும்பி வரும்போது பாதி ஆளாகத்தான் வந்தான். கட்டிக்கொள்ளலாமா என்று போனில் கேட்டான். அவள் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

"எனக்கு வர்ற வார்த்தை எல்லாம் இன்னொருத்தர் வாய் வழியாத்தான் வருது. அண்ணன் படிச்சுச் சொல்லுவான், பக்கத்து வீட்டு அக்கா படிச்சுச் சொல்லுவாங்க. இத மட்டும் எழுதி அனுப்புங்க, நானே படிக்கணும். படிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள்.

அடுத்த லீவுக்குள் பதில் வேண்டும் என்று தவித்தான். ரூமே தவித்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். புடைத்த எழுத்துதானே என் தொழில்! வெள்ளைப் பலகையில் சிவப்பு அக்ரிலிக்கில், ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம், 'என்னைக் கட்டிக்கிறியா ஸ்டெல்லா' என்று ஒட்டினேன். ஓரமெல்லாம் விரல் கிழியாதபடி அரம் போட்டு வழவழப்பாக்கினேன். மெஷின் ஓட்டும் பாஸ்கரேட்டன் பார்த்துவிட்டு, "இது ப்ரொபோசலா, ஜுவல்லரி போர்டா?" என்றார். லீவில் போன ஒருவர் அதைப் பெட்டியின் பாதி இடத்தை அடைத்துத் தூக்கிப் போனார்.

பலகை போய்ச் சேர்ந்ததும் சூசை ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். மறுமுனையில் சிரிப்புதான் முதலில் வந்தது.

"பலகை வந்துச்சு. மத்தியானம் பூரா தடவினேன். மலைப்பாம்பு மாதிரி வளையுது, சுழியுது. எந்த எழுத்துன்னு யாருக்குத் தெரியும்? நான் ஒரு எழுத்தையாவது பார்த்திருக்கேனா? கடைசியில அண்ணன்தான் படிச்சான். வீடே சிரிச்சிச்சு."

சூசை என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள்.

"பரவால்ல அண்ணே" என்று என்னிடம் சொன்னாள். "எரநூறு வருஷம் முன்னாடி பாரிஸ்ல பெரிய மனுசங்களே இதத்தான் செஞ்சாங்க."

அந்தக் கதையை அவள் சொல்லச் சொல்ல, போன் கார்டு தீர்ந்துகொண்டே இருந்தது. நல்ல கட்டத்தில், பதிவு செய்த குரலில் ஒரு இங்கிலீஷ் அம்மாள் குறுக்கிட்டு, காசு தீரப்போகிறது என்று எச்சரிப்பாள். அடுத்த கார்டு வாங்க நாங்கள் பக்காலாவுக்கு, கீழே இருந்த மளிகைக் கடைக்கு, ஓடுவோம்.

முதல் கார்டில்: குதிரைச் சேணம் தைக்கும் அப்பாவின் பட்டறையில் விளையாடிய மூன்று வயதுப் பையன், தோல் துளைக்கும் ஊசி பட்டுக் கண்ணை இழந்தான். பத்து வயதில் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளிக்குப் போனான். அங்கே புத்தகங்கள் இருந்தன, நான் செய்தது போலவே. ஈரத்தாளை அச்சில் அழுத்திப் புடைக்க வைத்த சாதாரண எழுத்துகள். ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் சுற்றி வந்து இன்னதென்று கண்டுபிடிக்க வேண்டும். வரி முடிவதற்குள் வரியின் தொடக்கம் மறந்துபோகும். புத்தகமோ தூக்க முடியாத கனம். எல்லாவற்றுக்கும் மேலே, படிக்கலாமே தவிர, எழுத முடியாது.

இரண்டாவது கார்டில் ஒரு பட்டாளத்து கேப்டன் வந்தார். இருட்டில் விளக்கில்லாமல் சிப்பாய்கள் சேதி படிக்க, புள்ளிகளால் ஒரு முறை கண்டுபிடித்திருந்தார். ஆறாறாக இரண்டு வரிசை, பன்னிரண்டு புள்ளி. ஓசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான். சொல்லை எழுத்துக்கூட்டி எழுத வழியில்லை. விரல் நுனிக்குள்ளும் அடங்கவில்லை. ஒரு குறியைப் படிக்க விரல் மேலும் கீழும் அலைய வேண்டும்.

"அந்தப் பையன் அத பாதியா வெட்டினான். மும்மூணா ரெண்டு வரிசை, ஆறு புள்ளி. விரல வச்சா ஒரே தொடல்ல மொத்தமும் தெரிஞ்சிரும். நகட்டிக்கிட்டே போலாம். பதினஞ்சு வயசுல செஞ்சிட்டான்."

"அப்ப உடனே எல்லாரும் மாறிட்டாங்களா?" என்றான் சூசை.

"எங்க? வாத்தியாருங்களுக்குக் கண்ணு தெரியுமே. அவங்களால படிக்க முடியாத எழுத்து எதுக்குன்னு தடையே போட்டாங்க. பிள்ளைங்க ஒளிச்சு வச்சு எழுதினாங்க. ஏன்னா முதல்தடவையா அவங்களே எழுதி அவங்களே படிக்கலாம். அவன் செத்தப்புறம்தான் அந்தப் பள்ளிக்கூடமே ஒத்துக்கிச்சு. புடைச்ச எழுத்து பார்க்கிறவங்க கண்ணுக்குச் செஞ்சது அண்ணே. புள்ளி எங்க விரலுக்குச் செஞ்சது."

நான் என் சிவப்பு எழுத்துகளை நினைத்துக்கொண்டேன். என்ன வழவழப்பு, என்ன வீண்!

ஸ்டெல்லா போனில் சொல்லச் சொல்ல எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, மறுநாளே ரூமில் பள்ளிக்கூடம் திறந்தோம். பக்காலாவில் ஆறு முட்டை அட்டை கிடைக்கும், மும்மூன்றாக இரண்டு வரிசை. இடப்பக்கம் மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று. வலப்பக்கம் நான்கு, ஐந்து, ஆறு. ஒன்றில் மட்டும் முட்டை வைத்தால் அ. ஒன்றிலும் மூன்றிலும் வைத்தால் க. சூசை கண்ணை மூடிக்கொண்டு தடவுவான். தப்பாகச் சொன்னால் அந்த முட்டை ஆம்லெட். முதல் வாரம் ரூமில் எல்லோரும் கொழுத்தோம்.

எழுத ஒரு சட்டம் வேண்டுமே. சூசையின் தொண்டைக்கு வாங்கிய ஐரோப்பிய மருந்துப் பெட்டியில் புள்ளிகள் இருந்தன. அதை அளந்து, கடையில் மிஞ்சிய அக்ரிலிக்கில் பாஸ்கரேட்டன் மெஷினில் வெட்டித் தந்தார். அடித்தகட்டில் எழுத்துக்கு ஆறு குழி, மேல்தகட்டில் சன்னல்கள். நடுவே தடித்த தாள். குத்தூசியால் அமுக்கினால் தாளின் மறுபக்கம் புள்ளி புடைக்கும். அந்தப் பையனின் கண்ணைப் பறித்ததும் இப்படியொரு ஊசிதான் என்று யாரோ சொன்னதும் சூசை ஒருகணம் அதைக் கீழே வைத்துவிட்டான்.

பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வரி முழுக்கக் குத்தினான். தாளைத் திருப்பினால் எல்லாம் இடம்வலம் மாறிக் கிடந்தது. முட்டை அட்டையோடு ஒப்பிட்டால் அ இருந்த இடத்தில் அ இல்லை. பின்பக்கம் குத்துகிறோம் என்றால் வலமிருந்து இடமாக அல்லவா குத்த வேண்டும்!

"ஏலே, கடைக் கண்ணாடிக்கு உள்பக்கம் எழுத்த தெனம் திருப்பித்தானல ஒட்டுத? உனக்குமா தெரியல?" என்றான். எனக்குமா தெரியவில்லை. குளோரோஃபார்மின் மேல் பழியைப் போட்டேன்.

திருத்திக் குத்திய தாளை, லீவில் ஊருக்குப் போன இன்னொருவர் கொண்டுபோனார். பலகைக்குப் பாதிப் பெட்டி தேவைப்பட்டது; இது ஒரு சட்டைப்பையில் போயிற்று.

பதில், லீவு முடிந்து வந்த அதே ஆளின் சட்டைப்பையில் வந்தது. கூடவே வாய்மொழியாக ஒரு கட்டளை: "கண்ணால பார்த்துப் படிக்கக் கூடாது. பார்த்தா அது பதில் இல்ல."

சூசை கண்ணை இறுக மூடி, விரலை வைத்தான். முகம் விழுந்தது. வலைக்கயிறு இழுத்துக் காய்த்த தோல், தாமிரக் குழாய் சுட்ட தோல். "மக்கா, ஒண்ணுமே தெரியலியே." முட்டை தெரிந்த விரலுக்குப் புள்ளி தெரியவில்லை. மற்ற விரல்களை வைத்தான். சுண்டு விரலை வைத்தான். பார்த்துச் சொல்லவும் துணிவில்லை, நாங்களும் கண்ணைத் திருப்பிக்கொண்டோம்.

அப்புறம் அவன் தாளைத் தூக்கி, கீழுதட்டில் வைத்தான். மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்தினான்.

"மேல்வரிசையில ரெண்டு" என்றான். "ஒண்ணு, நாலு. ச." உதடு நகர்ந்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. ர." அதற்குள் ரூமில் யாரோ தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி எழுத்தை அவன் சொல்லவேயில்லை. தாளை உதட்டிலிருந்து எடுக்கவும் இல்லை.

அந்த ரூம் இப்போது யாருடையதோ. போன் கார்டுகள் ஒழிந்தன, அந்த இங்கிலீஷ் அம்மாளும் வேலை இழந்திருப்பாள். கடை எழுத்துகளெல்லாம் மின்திரையில் ஓடுகின்றன, யாரும் குளோரோஃபார்மில் மயங்கிச் சிரிப்பதில்லை. சூசையும் ஸ்டெல்லாவும் இருக்கும் வீட்டில் என் பலகையின் பின்பக்கத்தில் சப்பாத்தி தேய்க்கிறார்கள். அவள் கையிலும் பேசுகிற போன் வந்துவிட்டது. "எல்லாம் படிச்சுச் சொல்லுது அண்ணே. ஆனாலும் இன்னொரு வாய்தானே" என்கிறாள்.

லிஃப்டில் மூன்றுக்கு முதலில் ஒரு எண் அடையாளம், அடுத்து மேல்வரிசையில் இரண்டு புள்ளிகள் பக்கம்பக்கமாக. ஸ்டெல்லா ச எழுதியதும் அதே இரண்டு புள்ளிகளால்தான். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, காய்கறிப் பையோடு குனிந்து, கீழுதட்டை அதில் வைத்து அழுத்தினேன்.

லிஃப்ட் நகர்ந்தது.