எல்லாவற்றுக்கும் விடை சி

வேங்கிக்காலில் அண்ணன் வீட்டில் இருந்தபோது, நான் படிக்கிறேன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி என் கை. அது எழுதிக்கொண்டிருந்தால் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடி, படித்தது மனதில் நிற்கிறதா என்று பார்த்தேனோ, போச்சு.

"சும்மாதானே குந்திக்கினு இருக்கே, இந்த அரிசியைக் கொஞ்சம் பொடைச்சிக் குடு" என்பார் அண்ணி.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்யாணமும் ஆகாமல் வேலையும் கிடைக்காமல் வீட்டோடு இருக்கும் நாத்தனாருக்கு வருடக்கணக்கில் சோறு போட்டவர். ஆனால் அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது என்பதும் உண்மை. அதிலிருந்து வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி குரூப் ஃபோர் தேர்வு. ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் ஒரு நாற்காலி கிடைத்தால் போதும், தனியாக ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போய்விடலாம்.

அதனால் எழுதினேன். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு, ஒரு பாடத்துக்கு நூறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று நான்கு விடை. கேள்வி நீலத்தில், விடைகள் கறுப்பில், பாடத்தின் தலைப்பு பச்சையில். சில வருடங்கள் அரசு வேலைக்கு ஆள் எடுப்பதே நின்று போயிருந்தது. தேர்வே இல்லாத காலத்தில் தேர்வுக்குப் படிப்பது எவ்வளவு வசதி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இருபத்து மூன்று நோட்டுகள் சேர்ந்தன.

டவுன் நூலகத்தில் என் மாதிரி படிக்க வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். என் நோட்டுகளால் அங்கே எனக்கு ஒரு மரியாதை. புதிதாக வரும் பெண்கள் வந்து கேட்பார்கள்: "அக்கா, ஒரு பாடத்துக்கு எத்தனை கேள்வி எழுதணும்?"

"நூறு. அதுக்குக் கம்மியா எழுதினா பாடம் கைக்கு வராது" என்பேன். நூறு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

ஒருவழியாகத் தடை நீங்கி அறிவிப்பு வந்தது. வயது வரம்பைத் தாண்ட எனக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. இதை விட்டால் எனக்கு அடுத்த தேர்வே கிடையாது.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தி எனக்கு நெருங்கிய சிநேகிதி. பெரிய தெருவில் அவள் அப்பாவுக்கு வாட்ச் ரிப்பேர் கடை. கடையிலேயே உட்கார்ந்து பழைய வினாத்தாள்களைப் போட்டுப் பார்ப்பாள். அவளிடம் நோட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று, அதுவும் பாதிதான் நிரம்பியிருந்தது. அவளைப் பார்த்து உள்ளுக்குள் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

தேர்வுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது நூலகத்தில் அவள் கேட்டாள்: "நீ எழுதின கேள்வியில நீயே எவ்ளோ எடுக்கிறே?"

"தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனதில்ல."

"பழைய பேப்பர்ல?"

"இன்னும் போடல. எல்லாப் பாடத்துக்கும் எழுதி முடிச்சிட்டுப் போடலாம்னு இருக்கேன்."

அவள் என் புவியியல் நோட்டை எடுத்து, தான் படிக்காத ஒரு பாடத்தைத் திறந்து, ஒரு வெள்ளைத் தாளில் மளமளவென்று விடை எழுதினாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பின்பக்கத்து விடைகளைப் பார்த்து அவளே திருத்தி மார்க்கைச் சொன்னாள். ஐம்பத்தெட்டு.

"பரவாயில்லையே, படிக்காமலே ஐம்பத்தெட்டு" என்றேன்.

"பாடத்தை மட்டும் இல்ல, கேள்வியையே படிக்கல. எல்லாத்துக்கும் சி போட்டேன்."

நோட்டை வாங்கிப் புரட்டினேன். உண்மைதான், பாதிக்கு மேல் விடை சி. எந்த நோட்டை எடுத்தாலும் அப்படித்தான். கேள்வி எழுதியதும் வாய்க்கு வந்த இரண்டு தப்பான விடைகளை முதலில் எழுதுவேன். சரியான விடையை மூன்றாவதாக ஒளித்து வைப்பேன். கடைசியில் ஒப்புக்கு ஒன்று. வருடக்கணக்காக என் தொண்ணூற்றைந்தில் பாதியை என் கைப்பழக்கமே வாங்கிக் கொடுத்திருக்கிறது. மீதி, நானே எழுதிய கேள்வி என்பதால். அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நோட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்குப் போய் நான் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ஸ்கேலும் நான்கு பேனாவும் எடுத்துக்கொண்டு, இருபத்து மூன்று நோட்டையும் புதிதாக எழுத ஆரம்பித்தேன். ஏ-யில் இருபத்தைந்து, பி-யில் இருபத்தைந்து என்று விடைகளைச் சரிசமமாகப் பிரித்து. அண்ணி டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

நான்காம் நாள் சிநேகிதி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், அப்பா கடையிலிருந்து ஒரு அலாரம் டைம்பீஸோடு.

"என்ன பண்றே?"

"பதில் எல்லாத்தையும் இடம் மாத்திக்கினு இருக்கேன்."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். பேனாவைக் கையிலிருந்து வாங்கினாள்.

"அப்ப எத்தனைதான் எழுதணும்? நீயே சொல்லு" என்று வெடுக்கென்று கேட்டேன்.

"பத்து. மிஞ்சிப் போனா பதினைஞ்சு. புக்கை மூடிட்டுச் சொல்லிப் பாரு. எது வரலியோ அதுக்கு மட்டும் எழுது. தெரிஞ்சதுக்கு எதுக்குக் கேள்வி? மூணு நாள் கழிச்சு அதையே திரும்பக் கேளு. எழுத ஒரு மணி நேரம்னா பதில் சொல்ல ரெண்டு மணி நேரம். எழுதுறது அதைவிட ஜாஸ்தியாச்சுனா நீ படிக்கல, பரீட்சைக்குப் பயந்து ஒளிஞ்சிக்கினு இருக்கே."

டைம்பீஸைத் திருகி வைத்து, ஒரு பழைய வினாத்தாளைக் கொடுத்தாள். இருநூறு கேள்வி, மூன்று மணி நேரம். எண்பத்தொன்று சரி. போகும்போது என் நோட்டுகள் அத்தனையையும் இரண்டு கட்டைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை.

மிச்சம் இருந்த நாட்களில் அவள் சொன்னபடிதான் செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அரிசி அப்படியே கெடக்குது பாரு" என்றார் அண்ணி.

"படிக்கிறேன் அண்ணி."

"கையில பேனாவே இல்லையே."

எழுந்து போய் அரிசியைப் புடைத்தேன். புடைத்துக்கொண்டே ஆறுகளின் பெயரை முணுமுணுத்தேன். வராதவற்றை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டேன். பழைய வினாத்தாள்களில் எண்பத்தொன்று நூறானது, நூறு நூற்றுப் பதினெட்டானது. இன்னும் இரண்டு மாதம் இருந்திருந்தால் என்று தோன்றும்போதெல்லாம் அந்த நினைப்பை அப்படியே அமுக்கிவிடுவேன்.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. தெரிந்தவற்றை முதலில் முடித்துவிட்டுத் தெரியாதவற்றுக்கு வந்தேன். நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒன்றொன்றாக யோசித்துத்தான் வட்டத்தை நிரப்பினேன், சத்தியமாக. தாளைக் கொடுக்கும் முன் ஒரு தடவை பார்த்தபோதுதான் தெரிந்தது, அவற்றில் முக்கால்வாசி சி. பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது.

முடிவு வந்த அன்று பிரவுசிங் சென்டரில் இருவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அவள் எண் இருந்தது. என் எண் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு முந்தியதும் பிந்தியதும் இருந்தன. அவள் என் கையை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அண்ணிக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

"என்னாம்மா இது. எப்பப் பாத்தாலும் எழுதிக்கினேதானே இருந்தே" என்றார்.

"ஆமா அண்ணி, எழுதிக்கினேதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்தேன்.