பொறுக்கிப் போட்ட கடலை

கடைத்தெருவில் அவளுக்குக் குத்தூசி மேடம் என்று பெயர். உணவுப் பாதுகாப்பு அதிகாரி என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? மூட்டைக்குள் செருகிச் சரக்கை உருவும் குத்தூசி எப்போதும் அவள் பையில் கிடக்கும். ஆனால் ஆள் பாதி நேரம் கனவில்தான். கதவிடுக்கு வெயிலில் தூசி மிதந்தால் போதும், வந்த வேலையை மறந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாள்.

அன்றும் நிலக்கடலை வியாபாரியின் கிடங்கில் அப்படித்தான் நின்றாள். மழையில் நனைந்த சரக்கு சந்தைக்கு வந்திருப்பதாகத் தகவல்.

"மேலாப்புல ஒரு பிடி அள்ளினா போதாதா மேடம்?" என்றார் வியாபாரி.

"பூஞ்சை நஞ்சு எல்லாக் கடலையிலயும் பரவியிருக்காது ஐயா. எங்கயோ நாலஞ்சுல ஒளிஞ்சிருக்கும். பல இடத்துல குத்தினாத்தான் சிக்கும்."

பல மூட்டைகளில், மேலும் நடுவிலும் அடியிலுமாகக் குத்தி எடுத்தாள். சுத்தமான விரிப்பில் கொட்டிக் கலந்து, குவித்து, நாலாகப் பிரித்து, உலர்ந்த பாட்டில்களில் அடைத்தாள். அரக்கு முத்திரை விழுந்தது. வியாபாரியும் சாட்சியும் கையெழுத்துப் போட்டார்கள். ஒன்று ஆய்வுக்கூடத்துக்கு, மற்றவை பின்னால் தகராறு வந்தால் பார்க்க.

கடலை பளிச்சென்று இருந்தது. ஒரு சொத்தை இல்லை. அவளுக்கே ஆச்சரியம்.

"கருத்தது, சுருங்கினது எல்லாத்தையும் ஆள் வச்சுப் பொறுக்கிடுவேன்," என்றார் பெருமையாக. "ஊரான் பிள்ளைக்குக் கெட்டதை விக்கக் கூடாது பாருங்க."

அவளுக்கு மனசு குளிர்ந்தது. இப்படியும் ஒரு மனுஷன்! கனவில் இருப்பவள் போலவே கேட்டாள்: "பொறுக்கினதை என்ன செய்வீங்க?"

"விக்கிறதில்ல. சத்தியமா. அதை வறுத்துப் பொடிச்சு வீட்டுக்கு வச்சுக்குவோம். வறுத்தா எல்லாம் போயிடும்ல?"

தூசி அப்படியே மிதந்துகொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் தூக்கிவாரிப் போட்டது.

"போகாது ஐயா. அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அது அசையாது."

கிடங்குக்குப் பின்னாலேயே வீடு. விற்காத பொருளைப் பறிமுதல் செய்ய அவளிடம் சட்டம் இல்லை. குத்தூசியையும் முத்திரையையும் கிடங்கிலேயே போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி உள்ளே ஓடினாள். வியாபாரியின் மனைவி பேத்திக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கஞ்சியில் அந்தப் பொடி.

"நிறுத்துங்கம்மா!"

விஷயத்தைக் கேட்டுவிட்டு அந்த அம்மா நம்பாமல் சிரித்தார். "பல்லு முளைச்சதுலேருந்து இதைத்தான் தின்னுறா. ஒரு நாள் வயித்துவலின்னு அழுததில்லையே."

"இது உடனே வலிக்காதும்மா. கொஞ்சம் கொஞ்சமா ஈரலைக் கெடுக்கும். இன்னையோட விட்டுடுங்க. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க."

வியாபாரி பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். "நல்லதையெல்லாம் கடைக்கு அனுப்பிட்டேனே," என்றார்.

அந்த அம்மா குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு வழித்தார். முந்தானையில் துடைத்தார். மறுபடி வழித்தார். வாயில் ஒன்றுமே இல்லை. குழந்தை இன்னொரு வாய் கேட்டு அழுதது.