நூற்றுப் பதினெட்டாம் பக்கத்து வரி

முருகலட்சுமி ஏழு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுத ஆய்வுக்கு, வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு. அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவள் கௌரவ விரிவுரையாளர். பேரில் மட்டும்தான் கௌரவம். முனைவர் பட்டம் வந்தால் நிரந்தர வேலைக்கு மனுப் போடலாம், வராவிட்டால் இதே நாற்காலிதான்.

சனிக்கிழமை மதியம், எல்லோரும் போய்விட்ட ஆசிரியர் அறையில் ஷர்மிளா பானு தேர்வாளராக உட்கார்ந்துகொண்டாள். கூட வேலை பார்ப்பவள், வீரசோழன் ஊர்க்காரி, போன வருஷம் இதே கண்டத்தைத் தாண்டியவள். இருவருமாக இயல் வாரியாகக் கேள்விகள் யோசித்து, ஒரு நோட்டில் பதிலும் பக்க எண்ணும் எழுதி வைத்திருந்தார்கள்.

"ஏட்டுப் பக்கத்துல இல்லாதது வாயில வரக்கூடாது. எங்க இருக்குன்னு கேப்பாக. முழிச்சீன்னா அங்கயே புடிச்சுக்குவாக" என்றாள் ஷர்மிளா.

மூன்றாம் இயல் வரை தண்ணீர் மாதிரி ஓடியது. திருச்சுழிப் பக்கம் நான்கு ஊர்; சீமைக்கருவேலம் வெட்டி, மண் மூடிப் புகையவைத்துக் கரிமூட்டம் போடும் பெண்கள் அறுபது பேர்; பெயர்ப் பட்டியலில் குலுக்கல் முறையில் எடுத்தது; ஆய்வாளரே நேரில் கேட்டது. எல்லாம் பக்க எண்ணோடு வந்து விழுந்தன.

"நாலாம் இயல். புகையால உடம்புக்கு எதுவும் செய்யுதா?"

"நாப்பத்தொரு பேர் இருமல், மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க. பத்தொம்பது பேர் ஒண்ணுமில்லைன்னாங்க. பக்கம் நூத்திப் பதினாறு."

"அந்தப் பத்தொம்பது பேரு யாரு?"

"அதுல பதினாலு வீட்டுல பிள்ளைக காலேஜுல படிக்கிறாங்க. அட்டவணை நாலு புள்ளி ஒன்பது."

"அதுக்கு என்ன காரணம் எழுதிருக்க?"

நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைப் பார்க்காமலே சொன்னாள். "படித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் உடல்நலம் பற்றிய விழிப்புணர்வு கூடுவதால் பாதிப்பு குறைந்திருக்கலாம்."

ஷர்மிளா அடுத்த கேள்வியைப் படித்ததுகூட அவள் காதில் ஏறவில்லை.

அந்தப் பதினாலு பேரில் ஒருத்தி கருத்தம்மாள், முருகலட்சுமியைப் பெற்றவள்; மகளின் ஆய்வும் படிப்புக் கணக்கில் சேர்ந்திருந்தது. குலுக்கலில் அவள் பேரும் விழுந்தது. பெற்ற தாயிடம் கேள்வித்தாளை நீட்ட வேறு ஆளை அனுப்பியிருக்க வேண்டும்; அந்தப் புத்தி அப்போது வரவில்லை. மூட்டத்தில் மண் அணைத்துக்கொண்டே, "எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன், இல்லைன்னு எழுது" என்றாள் ஆத்தா. மகளும் நாற்பத்து மூன்றாம் எண் தாளில் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். ஆய்வேட்டைக் கொடுத்த நாலாம் மாசம் ஆத்தா மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்தாள். ரொம்ப வருஷத்து நோய் என்று டாக்டர் சொன்னார்.

"விழிப்புணர்வு இல்லடி, ஷர்மி" என்றாள் முருகலட்சுமி. "இருமல்னு சொன்னா பிள்ளைக வேலைக்குப் போகாதேம்பாங்க. வேலைக்குப் போகலைன்னா எங்க படிப்பு நின்னுரும். அதான் மறைச்சிருக்காங்க. நான் அத விழிப்புணர்வுன்னு எழுதிட்டேன்." அழுகை வந்தது, அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

ஷர்மிளா நோட்டை மூடி வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவினாள். "கேட்டாகன்னா முதல்ல எழுதுனதச் சொல்லு. அப்புறம் இப்ப உனக்குத் தோணுறதச் சொல்லு. ரெண்டையும் ஒண்ணாக் கலந்துராத. ஆதாரம் கேட்டா இல்லைன்னே சொல்லிரு."

வியாழக்கிழமை வெளித் தேர்வாளர் வந்திருந்தார். வயதானவர், நல்ல மனுஷர். பேராசிரியர்களும் மாணவர்களும் அறை நிறைய இருந்தார்கள். அவர் ஏடுகளைப் புரட்டிப் புரட்டி, கடைசியில் அந்த அட்டவணைக்கே வந்து நின்றார். "இந்தப் பத்தொன்பது பேரைப் பற்றிச் சொல்லுங்கம்மா."

முருகலட்சுமி எழுதிய வரியை எழுதியபடியே சொன்னாள், பக்க எண்ணோடு. பிறகு, "இப்ப நான் அப்படி நினைக்கலை சார். பிள்ளைங்க படிப்புக்காக அவங்க நோயை மறைச்சிருக்கலாம்" என்றாள்.

"அப்படியா? தரவு எங்கே இருக்கு?"

"ஆய்வேட்டுல இல்லை சார்."

"வேறெங்காவது?"

"ஒருத்தரைப் பத்தி மட்டும் தெரியும் சார். நாப்பத்திமூணாம் எண். இறந்துட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒருத்தரை வைத்து முடிவு சொல்ல முடியாதும்மா. சொன்னதைத்தானே பதிவு பண்ணியிருக்கீங்க. அந்த வரி அப்படியே இருக்கட்டும்" என்று பதமாகத்தான் சொன்னார். சொன்னதில் தப்பும் இல்லை. திருத்தம் எதுவும் வேண்டாம், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஷர்மிளா ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். மாணவர்கள் "டாக்டர் மேடம்" என்று சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு பெண், "அந்த நாப்பத்திமூணாம் எண் யாரு மேடம்?" என்று கேட்டாள்.

'எங்க ஆத்தா' என்ற பதில் ஏட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை; முருகலட்சுமி, "ஆய்வுக்குத் தகவல் கொடுத்தவங்கம்மா, கரிமூட்டத்துல வேலை பார்த்தாங்க" என்று சொன்னாள்.