கப்பி ஓட்டையும் மட்டாஞ்சேரித் தளமும்

எண்பதுகளில் நான் களமசேரியில் ஒரு கட்டடச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். ஒருநாள் மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கின் மாடித் தளத்தைச் சோதிக்க அனுப்பினார்கள். கீழே தமிழ்க்காரத் தையல்கார அக்கா ஒருவர் இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தார். தளம் மோசம் என்று அறிக்கை வந்தால் அவர்களைக் கிளப்பிவிடலாம் என்று கிடங்கு முதலாளி காத்திருந்தார்.

கீழேயிருந்து பூச்சைச் சுரண்டிவிட்டு ஸ்பிரிங் சுத்தியலால் அடித்தேன். அது எவ்வளவு துள்ளித் திரும்புகிறதோ, கான்கிரீட்டின் மேல்தோல் அவ்வளவு கெட்டி. மேல்நோக்கி அடித்ததற்குக் கழிக்க வேண்டியதைக் கழித்தும் எண் நாற்பதைத் தாண்டியது. பிறகு கிரீஸ் தடவி, ஒலியலைக் கருவியின் ஒரு முனையை மாடித்தரையிலும் இன்னொன்றை நேர் கீழேயும் வைத்து அலையை அனுப்பினேன். விநாடிக்கு நாலு கிலோமீட்டரை எதிர்பார்த்தவனுக்கு இரண்டுதான் வந்தது. உள்ளே பொந்தும் விரிசலும் இருந்தால்தான் அப்படிக் குறையும்.

ஒரு கருவி கல் என்றது, இன்னொன்று சல்லடை என்றது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. பேட்டரியை மாற்றினேன், கிரீஸைத் துடைத்துத் தடவினேன், எதுவும் மாறவில்லை. முதலாளி வேறு பக்கத்திலேயே நின்று, எழுத இவ்வளவு நேரமா என்றார். எரிச்சலில், "தளம் நம்பத்தக்கதல்ல" என்று எழுதியும்விட்டேன்.

அக்கா சாயா கொண்டுவந்தார். தளம் எத்தனை கனம் என்று கேட்டார். மூட்டை தூக்கும் கப்பிக்காக விட்ட ஓட்டையில் முதலிலேயே குச்சி விட்டு அளந்திருந்தேன், எட்டு இஞ்ச் என்றேன்.

"குச்சி விட்டீங்க சாரே, எட்டிப் பாத்தீங்களா? மேல மூணு இஞ்ச் சுண்ணாம்பும் செங்கப்பொடியுமில்ல?"

பார்த்தேன். கீழே சாம்பல் நிறம், மேலே இளஞ்சிவப்பு. சிவப்புச் சிமெண்ட் மினுக்கிய தரையை நம்பி, ஒலியைச் சுண்ணாம்பு வழியாக ஓடவிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அளந்த இடங்களில் சுண்ணாம்பைக் கொத்தி எடுத்து, ஐந்து இஞ்சுக்குக் கணக்குப் போட்டேன். பார்த்த இடத்திலெல்லாம் நாலுக்குப் பக்கத்தில் வந்தது. முதல் தாளைக் கிழித்தேன். அக்கா சிரித்தார்.

கடைசியாகப் பார்த்த வடக்கு மூலையில் மட்டும் இப்போதும் இரண்டுதான். நடுவில் சுண்ணாம்பும் இல்லை. சுத்தியல் அங்கேதான் எல்லா இடத்தையும்விட அதிகமாகத் துள்ளியிருந்தது. பழைய கான்கிரீட் காற்றுப்பட்டுத் தோல் மட்டும் இறுகிவிடும், உள்ளே பொத்தலாக இருந்தாலும் சுத்தியலுக்குத் தெரியாது. நான் படித்ததுதான், அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

வீட்டைக் காலி செய்ய வேண்டாம், அந்த மூலையில் மட்டும், முட்டுக் கொடுத்துப் பழுது பார்க்கும்வரை, மேலே மூட்டை அடுக்கவோ கீழே யாரும் இருக்கவோ கூடாது என்று எழுதினேன். வாசித்துக் காட்டியதும் அக்காவின் சிரிப்பு நின்றது.

"வேற எல்லா எடத்துலயும் காரை உதிரும் சாரே. அங்கே மட்டும் ஒரு பொடி விழுந்ததில்ல. அதான் பிள்ளைகள அங்கே படுக்க வச்சேன்."

அப்போதுதான் கவனித்தேன், அந்த மூலையில் நான் ஏணி போட்டு நின்றது பிள்ளைகள் சுருட்டி வைத்திருந்த பாய்க்குப் பக்கத்தில்.